ஒருவர் லீவு போட்டால் டிஸ்சார்ஜ் நிற்கிறதா? இன்சூரன்ஸ் டெஸ்க்கில் யாருக்கு எந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எங்கள் மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க் முன்னால் ஒன்பது குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. டாக்டர் ரவுண்ட்ஸில் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார், பை கட்டியாகிவிட்டது, சிலருக்குக் கீழே ஆட்டோ கூட வந்துவிட்டது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்மைச் சரிபார்க்கும் இடைநிலை நிறுவனமான டிபிஏ கேட்ட கேள்விகளுக்கு, அதாவது குவெரிகளுக்கு, பதில் எழுதி அனுப்பும் அக்கா அன்றைக்கு வரவில்லை. பையனுக்குக் காய்ச்சல். மற்ற ஐந்து பேரும் வந்திருந்தார்கள், சூப்பர்வைசராக நானும் இருந்தேன், யாரும் சும்மா உட்காரவில்லை. இருந்தும் கடைசிக் குடும்பம் கிளம்பும்போது மாலை நாலரை. சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று மதியம் சாப்பிடாமலே காத்திருந்தார். அவர் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அன்றைக்கு அக்காவுக்கு ஏழு தடவை போன் செய்தோம். பையனை ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டே அவர் பதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் இதை முறையாகச் சரிசெய்ய வேண்டும் என்று உட்கார்ந்தோம். யார் யாருக்கு எந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது என்பதில் எங்கள் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்ததில் எது தேறியது, ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் டெஸ்க்கில் வேறு வேலை நடக்கலாம், கணக்குப் போடும் முறை பொருந்தும்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஆறு பேர், ஆறு வேலை. நோயாளி சேர்ந்ததும் பாலிசியைப் பார்த்து முன் அனுமதி கேட்டு அனுப்புவது ஒன்று, இதை ப்ரீ-ஆத் என்போம். வரும் குவெரிகளுக்குப் பதில் எழுதுவது இரண்டாவது. சிகிச்சை நீண்டால் கூடுதல் தொகைக்கு அனுமதி வாங்குவது மூன்றாவது. டிஸ்சார்ஜ் அன்று ஃபைனல் பில்லும் சம்மரியும் சேர்த்து அனுப்புவது நான்காவது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தனி போர்ட்டல், தனி பேக்கேஜ், போட்டோ பதிவேற்றம் எல்லாம் இருப்பதால் அது ஐந்தாவது. நோயாளி போன பிறகு க்ளெய்ம் கட்டு அனுப்பி, வந்த பணத்தையும் பிடித்தத்தையும் ஒப்பிடும் செட்டில்மென்ட் ஆறாவது. ஆட்களை அ, ஆ, இ, ஈ, உ, ஊ என்று இதே வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். குவெரி அக்காதான் ஆ.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, ப்ரீ-ஆத் கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் கோரிக்கை போனால் மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தக் கடிகாரம் நம் கோரிக்கை அவர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். நம் மேஜையிலேயே காகிதம் படுத்துக் கிடந்தால் யாரையும் கேட்க முடியாது.

அட்டவணையை எப்படி நிரப்பினோம்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இப்போது யாருக்கு என்ன தெரியும் என்று தெரிய வேண்டும். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்பது அவ்வளவுதான்: இடப்பக்கம் பெயர், மேலே வேலை, கட்டத்தில் மதிப்பெண். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்காக நடந்த டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி, சுருக்கமாக டிடபிள்யூஐ, பயிற்சியிலேயே இப்படி ஒரு தாள் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது, கற்காதவருடைய கட்டத்தில் அவர் எந்தத் தேதிக்குள் கற்றிருக்க வேண்டும் என்று எழுதுவார்கள். வெறும் மதிப்பெண் போட்ட தாள் சுவரில் தொங்கும், தேதி போட்ட தாளைத்தான் யாராவது திரும்பி வந்து பார்ப்பார்கள்.

முதல் தடவை நாங்கள் தப்பு செய்தோம். தாளைக் கொடுத்து அவரவரையே நிரப்பச் சொன்னோம். நான்கு பேர் "குவெரி தெரியும்" என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அது தெரிந்த மாதிரியே இருந்திருக்கிறது. அப்புறம் முடிந்துபோன பழைய ஃபைல்களிலிருந்து மூன்று குவெரிகளை எடுத்துக் கொடுத்து, பதில் எழுதச் சொன்னோம். "இந்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் எத்தனை வருஷமாக இருக்கிறது, முதல் ஆலோசனைச் சீட்டுடன் தெரிவிக்கவும்" என்று ஒன்று. "உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிய அவசியம் என்ன" என்று ஒன்று. உள்ளே வைத்த இம்ப்ளான்ட்டின் ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் கேட்டு ஒன்று. அக்காவைத் தவிர யாராலும் மூன்றையும் முடிக்க முடியவில்லை. முதல் கேள்விக்கு ஒருவர் தாமாகவே "இரண்டு வருஷம்" என்று எழுதிவிட்டார். அது சிகிச்சை தரும் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தர வேண்டிய பதில். தவறாகப் போனால் க்ளெய்மே நிராகரிக்கப்படலாம்.

அதனால் மதிப்பெண்ணைச் செய்கையால் வரையறுத்தோம். 0 என்றால் தெரியாது. 1 என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார். 2 என்றால் தனியாகப் பத்து ஃபைல் செய்து, ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வரவில்லை. 3 என்றால் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்து, கற்றவர் 2 ஆகியிருக்கிறார், அல்லது பல வருஷமாக அதே வேலையைத் தனியாக நடத்துகிறார். சோதித்த பிறகு கிடைத்த தாள் இது:

| | ப்ரீ-ஆத் | குவெரி | கூடுதல் தொகை | ஃபைனல் பில் | அரசுத் திட்டம் | செட்டில்மென்ட் |
|---|---|---|---|---|---|---|
| அ | 3 | 1 | 0 | 0 | 0 | 0 |
| ஆ | 2 | 3 | 1 | 0 | 0 | 0 |
| இ | 1 | 0 | 2 | 1 | 0 | 0 |
| ஈ | 0 | 0 | 1 | 3 | 0 | 0 |
| உ | 1 | 0 | 0 | 0 | 3 | 0 |
| ஊ | 0 | 0 | 0 | 0 | 0 | 3 |

இந்தத் தாளைக் குறுக்கே படித்தால் ஆட்களின் திறமை தெரியும், ஆனால் நமக்கு வேண்டியது மேலிருந்து கீழே படிப்பது. ஒரு நெடுவரிசையில் 2 அல்லது அதற்கு மேல் எத்தனை பேர்? ப்ரீ-ஆத்துக்கு மட்டும் இரண்டு பேர். மற்ற ஐந்து வேலைக்கும் ஒரே ஒரு ஆள். எண்ணிக்கை ஒன்று என்று இருக்கும் ஒவ்வொரு இடமும் இன்னொரு வெள்ளிக்கிழமைதான்.

அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்றும் பார்த்தோம். வருஷத்தில் சுமார் 300 வேலை நாள், எல்லா வகை லீவும் சேர்த்து ஒருவர் 25 நாள் வராமல் இருக்கிறார், அதாவது பன்னிரண்டில் ஒரு நாள். ஒருவர் வரும் வாய்ப்பு 11/12. ஆறு பேரும் சேர்ந்து வரும் வாய்ப்பு அதையே ஆறு தடவை பெருக்கினால் 0.59. ஆக, பத்து நாளில் நான்கு நாள் யாராவது ஒருவர் இருக்க மாட்டார். ஆளுக்கு ஒரு வேலை மட்டும் தெரிந்தால் பத்தில் நான்கு நாள் ஏதோ ஒரு வேலை நிற்கும் என்று பொருள். இந்த எண்ணைப் பார்க்கும்வரை எங்கள் மேலாளர் உட்பட எல்லோரும் அந்த வெள்ளிக்கிழமையை ஒரு தற்செயல் என்றுதான் நினைத்திருந்தோம்.

எழுதி வைப்பதும் போன் செய்வதும்

முதல் வழி, யாருக்கும் புதிதாக எதுவும் கற்றுக்கொடுக்காமல் செய்முறையை எழுதி வைப்பது, மீதிக்குப் போன். பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். செலவு குறைவு. போர்ட்டலில் எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்த டிபிஏ-வுக்கு எந்த மின்னஞ்சல் என்பதற்கெல்லாம் ஒரு பக்கத் தாள் உண்மையிலேயே உதவும், அதை நாங்களும் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆனால் குவெரி பதிலில் பாதி, கேஸ் ஷீட்டைப் புரட்டி எந்தத் தாளை இணைத்தால் அவர்கள் திரும்பக் கேட்க மாட்டார்கள் என்று அறிவது. அதைத் தாளில் எழுத முடியவில்லை, அக்காவையே எழுதச் சொல்லியும் முடியவில்லை. போன் செய்வதைப் பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: லீவில் இருப்பவரை வேலை வாங்குவது அது. அடிக்கடி நடந்தால் அவர் லீவு எடுக்கவே தயங்குவார், பிறகு ஒருநாள் மொத்தமாகப் போய்விடுவார். இந்த வழியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

எல்லாம் தெரிந்த ஒரு ஆள்

இரண்டாவது, ஏழாவதாக ஒருவரை வைத்து ஆறு வேலையையும் கற்றுக்கொடுப்பது. யார் வராவிட்டாலும் அவர் உட்கார்ந்துகொள்வார். மேலாளருக்கு இது மிகவும் பிடித்திருந்தது, பார்க்க எளிமையாக இருக்கும் வழி. ஒருவர் மட்டும் வராத நாளில் நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் ஒரு முழுச் சம்பளம். பத்தில் ஆறு நாள் யாரும் லீவில் இல்லை, அன்றைக்கு அவருக்கென்று வேலை கிடையாது, நிரந்தரமாக ஏதாவது கொடுத்தால் பிறகு அவர் அதிலேயே மாட்டிக்கொள்வார். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆறு வேலையும் கற்ற ஆளை அடுத்த தெரு மருத்துவமனை கூப்பிடாமல் இருக்காது, அவர் போகும்போது ஆறு வேலைக்கான மாற்று ஆளும் ஒரே நாளில் போய்விடும். ஒருவரைச் சார்ந்திருக்கும் நிலையை மாற்றத்தான் தொடங்கினோம், இது அதையே வேறு ஒருவர் தலையில் வைக்கிறது. அறுபது பேர் வேலை செய்யும் இடத்தில் இப்படி நான்கைந்து பேரை வைத்தால் அது வேறு கதை, அங்கே தினமும் அவர்களுக்கு இடம் இருக்கும். ஆறு பேருக்கு ஒருவர் என்பது சரிப்படாது.

எல்லோருக்கும் எல்லாம்

மூன்றாவது வழிதான் கேட்க மிக நியாயமாக இருக்கும். ஆறு பேரும் மற்ற ஐந்து வேலையையும் கற்பது என்றால் முப்பது பயிற்சிகள். எங்கள் அனுபவத்தில் ஒரு வேலையில் 2-ஐத் தொட சராசரியாக 40 மணி நேரம் ஆகிறது, கற்பவர் நேரம் மட்டும். மொத்தம் 1,200 மணி நேரம். சரி, ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு என்ன? செய்யாத வேலை மறந்துபோகும். போர்ட்டலில் திரை மாறும், பேக்கேஜ் விலை மாறும், டிபிஏ புதிதாக ஒரு படிவம் கேட்கும். ஒரு வேலை கையில் நிற்க மாதம் அரை நாளாவது அதைச் செய்ய வேண்டும். முப்பது கட்டத்துக்கும் அரை நாள் என்றால் மாதம் பதினைந்து ஆள் நாள், டெஸ்க்கின் பத்தில் ஒரு பங்கு, வெறும் பழக்கத்துக்கே போய்விடும். யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் தாளில் எல்லாக் கட்டத்திலும் 2 இருக்கும், உண்மையில் 1 இருக்கும், அது தெரிய வருவது ஆள் வராத அன்றைக்குத்தான்.

டெஸ்க்கில் மூன்று பேர்தான் என்றால் நான் யோசிக்காமல் இதையே சொல்வேன். மூன்று பேருக்கு ஆறு பயிற்சிதான், தினமும் வேலையைக் கலந்து செய்யவும் முடியும். நான்கைத் தாண்டினால் எண்ணிக்கை நம்மை மீறிப் போகிறது.

ஜோடியா, சங்கிலியா

மீதி இரண்டு வழிக்கும் ஆறு பயிற்சிகள்தான், 240 மணி நேரம். எங்கள் விவாதம் உண்மையில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது.

ஜோடி என்றால் அ–ஆ, இ–ஈ, உ–ஊ என்று மூன்று ஜோடி. ஒருவர் வேலையை மற்றவர் கற்பார். யாருக்கு யார் என்று எல்லோருக்கும் உடனே புரியும், லீவு கேட்கும்போது ஒருவரிடம் சொன்னால் போதும். சங்கிலி என்றால் அ-வுக்குத் தன் வேலையும் ஆ-வின் வேலையும் தெரியும், ஆ-வுக்கு இ-யின் வேலை, இ-க்கு ஈ-யின் வேலை, இப்படியே போய், கடைசியில் ஊ திரும்பி வந்து அ-வின் ப்ரீ-ஆத்தைக் கற்பார். வளையம் மூடிக்கொள்ளும். இரண்டிலும் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு வேலை. தாளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் ஆள் வராத அன்றைக்குத் தெரியும். எங்கள் டெஸ்க்கில் ஒவ்வொரு வேலையும் ஒரு நாளைக்குச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கும், ஷிஃப்ட் 8 மணி நேரம். ஃபைனல் பில் போடும் ஈ இன்று வரவில்லை என்று வையுங்கள்.

ஜோடி முறையில் இ அவர் வேலையையும் தன் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும், 12 மணி நேரம். அது எட்டு மணி நேரத்துக்குள் அடங்காது. மற்ற நான்கு பேரிடமும் ஆளுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு இந்த இரண்டு வேலையும் தெரியாது. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலை நிற்கவில்லை என்று சொல்லலாம், ஆனால் டிஸ்சார்ஜ் எழுதிக் காத்திருக்கும் குடும்பத்துக்கு நின்றதுக்கும் மெதுவாகப் போவதற்கும் பெரிய வேறுபாடு கிடையாது.

சங்கிலியில் இ ஃபைனல் பில்லின் 6 மணி நேரத்தையும் எடுத்துக்கொள்கிறார், தன் வேலையில் 1.2 மணி நேரம் மட்டும் செய்கிறார். அவரிடம் மிஞ்சிய 4.8 மணி நேரக் கூடுதல் தொகை வேலையை ஆ எடுக்கிறார், குவெரியில் 2.4 மட்டும் செய்கிறார். மிஞ்சிய 3.6 மணி நேரக் குவெரியை அ எடுத்து, ப்ரீ-ஆத்தில் 3.6 செய்கிறார். மிஞ்சிய 2.4 மணி நேர ப்ரீ-ஆத்தை ஊ எடுத்து, செட்டில்மென்ட்டில் 4.8 செய்கிறார். கடைசி 1.2 மணி நேர செட்டில்மென்ட்டை உ தன் 6 மணி நேரத்தோடு சேர்த்துக்கொள்கிறார். ஒவ்வொருவரையும் கூட்டிப் பாருங்கள், ஐந்து பேருக்கும் 7.2 மணி நேரம். எட்டுக்குள் அடங்கிவிட்டது. நடப்பில் யாரும் தசமப் புள்ளி பார்த்து வேலை செய்வதில்லை, பதினோரு மணிக் கூட்டத்தில் கொஞ்சம் இழுக்கும், ஆனால் பாரம் ஒருவர் தலையில் நிற்காமல் கை மாறிக் கை மாறி எல்லோருக்கும் போகிறது என்பது உண்மை.

இதில் ஊ எனக்கு முக்கியமானவர். செட்டில்மென்ட் மட்டும்தான் நாளைக்குச் செய்தாலும் எந்த நோயாளியும் காத்திருக்காத வேலை. ஆகவே உண்மையான இளக்கம் டெஸ்க்கில் அங்கேதான் இருக்கிறது. ஊ-வுக்கு ஃபைனல் பில் தெரியவே தெரியாது, ஆனால் அவருடைய நேரம் அ, ஆ, இ மூவரின் கை வழியாக ஃபைனல் பில்லுக்குப் போய்ச் சேர்கிறது. வளையத்தை மூடும் அந்தக் கடைசிக் கண்ணி, ஊ ப்ரீ-ஆத் கற்பது, இல்லாவிட்டால் இது நடக்காது. எல்லோரும் விட்டுவிடத் தோன்றும் கண்ணியும் அதுதான், ஏனென்றால் கணக்குப் பார்ப்பவருக்கும் அட்மிஷன் வேலைக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியும். எங்கள் இடத்திலும் அதைக் கடைசிக்குத் தள்ளினார்கள், நான் விடவில்லை.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த வில்லியம் ஜோர்டானும் எம்ஐடியின் ஸ்டீபன் கிரேவ்ஸும் 1995-இல் கார்த் தொழிற்சாலைகளை வைத்து இதைக் காட்டினார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையும் எல்லா மாடலையும் செய்யும்படி மாற்றினால் கிடைக்கும் பலனில் பெரும்பகுதி, ஒவ்வொன்றும் இரண்டே மாடல் செய்து, அவை ஒரே மூடிய சங்கிலியாக இணைந்திருந்தாலே கிடைத்துவிடுகிறது. அதே இரண்டு இரண்டை உடைந்த துண்டுகளாக வைத்தால் அந்தப் பலன் இல்லை.

ஜோடிக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து வராத நாளைக் கணக்கிட்டால், குறிப்பிட்ட இருவரும் ஒரே நாளில் இல்லாமல் போகும் வாய்ப்பு 144-இல் ஒன்று. ஜோடி முறையில் ஆபத்தான இருவர் மூன்று வகை, சங்கிலியில் பக்கத்துப் பக்கத்து இருவர் ஆறு வகை. ஆக, ஏதாவது ஒரு வேலை முழுதாக நிற்கும் நாள் ஜோடியில் சுமார் 48 நாளுக்கு ஒருமுறை, சங்கிலியில் சுமார் 24 நாளுக்கு ஒருமுறை. ஆனால் ஜோடி உடைந்தால் இரண்டு வேலை சேர்ந்து நிற்கும், சங்கிலியில் ஒரு வேலைதான். வருஷக் கணக்கில் இரண்டும் சமம். இப்போதிருக்கும் பத்தில் நான்கு நாளோடு ஒப்பிட்டால் எதுவானாலும் பெரிய முன்னேற்றம். இருபத்துநாலு நாளுக்கு ஒருமுறை என்பதையும் லீவுக் காலண்டரால் பாதிக்கு மேல் குறைக்கலாம்: சங்கிலியில் பக்கத்தில் இருக்கும் இருவர் ஒரே தேதியில் திட்டமிட்ட லீவு எடுக்கக் கூடாது என்று ஒரு விதி. பொங்கல், தீபாவளி, கல்யாண மாதங்களில் லீவுகள் ஒன்றின் மேல் ஒன்று விழும், அங்கே மேலே சொன்ன பெருக்கல் கணக்கு பொய்யாகிவிடும், இந்த விதிதான் காப்பாற்றும்.

ஆக நாங்கள் எடுத்தது சங்கிலி. கூடவே குவெரிக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு ஆள், ஈ. அதைக் கற்க 60 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, நின்றால் மற்ற எல்லாம் பின்னால் தேங்குகிறது, அதனால் அங்கே இரண்டு பேர் போதாது என்று முடிவு செய்தோம்.

சங்கிலியை எந்த வரிசையில் கோர்ப்பது

ஒரே ஃபைலில் அடுத்தடுத்து வரும் வேலைகளைப் பக்கத்தில் வைத்தால் கற்பது வேகமாக நடக்கும். ப்ரீ-ஆத் அனுப்பியவருக்கு அந்த நோயாளியின் காகிதங்கள் ஏற்கெனவே தெரியும், குவெரி பாதி புரிந்திருக்கும். இன்னொன்று, எந்த இரண்டு வேலை ஒருவர் கையில் சேரக் கூடாது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பில்லில் தள்ளுபடி போடுபவரே வந்த பணத்தை ஒப்பிட்டுப் பிடித்தத்தைக் கழித்து எழுதவும் முடிந்தால் தணிக்கையில் கேள்வி வரும், வரவும் வேண்டும். அதனால்தான் ஃபைனல் பில்லுக்கும் செட்டில்மென்ட்டுக்கும் நடுவில் அரசுத் திட்டத்தை வைத்தோம்.

கற்றுக்கொடுக்கும் முறையில் டிடபிள்யூஐ சொன்ன நான்கு படிகளையே பின்பற்றினோம்: கற்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுத் தயார் செய்வது, செய்துகாட்டுவது, அவரைச் செய்ய வைத்து ஏன் என்று சொல்லச் சொல்வது, பிறகு விட்டு விட்டுப் பார்ப்பது. குவெரிக்கு நாங்கள் சேர்த்தது, முடிந்த பழைய ஃபைலை எடுத்து, போன பதிலை மறைத்துவிட்டு, கற்பவரை எழுதச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. உண்மையான நோயாளி யாரும் காத்திருக்காததால் அக்காவும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த நேரத்தை, மதியம் மூன்றிலிருந்து நாலரை, அவருடைய வேலைக் கணக்கிலேயே சேர்த்தோம். "நேரம் கிடைக்கும்போது சொல்லிக்கொடுங்கள்" என்று விட்டிருந்தால் நடந்திருக்காது.

தாளில் தெரியாத தடை

இரண்டாவது மாதம் அக்கா திட்டமிட்டு லீவு எடுத்தார். அ-வுக்குக் குவெரியில் 2 வந்துவிட்டது, பதிலும் எழுதிவிட்டார், போர்ட்டலில் நுழையும்போது ஓடிபி அக்காவின் சொந்த மொபைலுக்குப் போனது. மறுபடியும் போன். அவர் அன்றைக்குப் பேருந்தில் இருந்தார், சிக்னல் இல்லை. ஒன்றேகால் மணி நேரம் போனது. வேலை தெரிந்த ஆள் நாற்காலியில் இருந்தும் டிஸ்சார்ஜ் நின்றது.

அதன் பிறகு தாளில் ஒவ்வொரு வேலைக்கும் கீழே இன்னொரு வரி சேர்த்தோம்: லாகின் யாரிடம், ஓடிபி எந்த எண்ணுக்கு, கையெழுத்து யாருடையது. டெஸ்க்குக்கென்று ஒரு போன் வாங்கி எல்லாப் போர்ட்டலிலும் அந்த எண்ணைப் பதிவு செய்தோம், அது டிராயரை விட்டு வெளியே போகாது. பாஸ்வேர்டைப் பகிர்வது வேண்டாம் என்று, தனித்தனிப் பயனர் கணக்கு தரும் போர்ட்டல்களில் சங்கிலியின் இருவருக்கும் தனிக் கணக்கு கேட்டு வாங்கினோம். டாக்டர் கையெழுத்தும் இதே வரியில் வரும். சிகிச்சை தந்த டாக்டர் மதியம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தால் யார் விளக்கக் கடிதத்தில் கையெழுத்திடலாம் என்பதை மருத்துவக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறோம்.

மதிப்பெண் பழையதாகிவிடுவதைத் தடுக்கக் கட்டத்தில் கடைசியாக அந்த வேலையைச் செய்த தேதியையும் எழுதுகிறோம். 45 நாள் தாண்டினால் 2 என்பது தானாக 1 ஆகிவிடும். மாதத்தில் ஒருநாள், யார் என்று முன்னாலேயே சொல்லாமல், ஒருவரை மேல்மாடி அறைக்கு அனுப்பிவிட்டு அவர் லீவு மாதிரி நடத்துகிறோம். அவர் கட்டடத்திலேயே இருப்பதால் ஆபத்து இல்லை, ஓடிபி மாதிரித் தடைகள் எல்லாம் அன்றைக்கே வெளியே வந்துவிடும். முதல் ஒத்திகையில் அரசுத் திட்டத்துக்கான போட்டோக்கள் உ-வின் கணினியில் மட்டும் இருந்தது தெரிந்தது.

முன்னேற்றத்தை ஒரே எண்ணில் பார்க்கிறேன்: குவெரி வந்த நேரத்திலிருந்து பதில் போன நேரம்வரை, அக்கா இருக்கும் நாளுக்கும் இல்லாத நாளுக்கும் தனித்தனியாக. அவர் இருக்கும் நாளில் சுமார் 40 நிமிடம். அந்த வெள்ளிக்கிழமை நான்கு மணி நேரத்தைத் தாண்டியது. போன மாதம் அவர் இல்லாத இரண்டு நாளிலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி நின்றது. ஃபைனல் பில்லும் ப்ரீ-ஆத்தும் இரண்டிரண்டு ஆளோடு ஓடுகின்றன. உ-வுக்குச் செட்டில்மென்ட் இன்னும் 1-தான், பத்தில் ஆறு ஃபைல் முடிந்திருக்கிறது. அவர் கட்டத்தில் போட்டிருக்கும் தேதி அடுத்த மாதம் பதினைந்து.